நரம்பை எடுத்தால் கை மெழுகாகிவிடுகிறது, எங்கே தப்பு?

நிலவன்:
அறுபது வயது அம்மா ஒருவரின் போர்ட்ரெய்ட். கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். புறங்கையில் நரம்பு நன்றாகத் தெரிகிறது. இன்னொரு கையால் முன்கையைப் பிடித்திருந்ததால் அங்கே நகக்குறிகள் மூன்று. போட்டோஷாப்பில் ஃப்ரீக்வென்சி செப்பரேஷன் போட்டு, ரேகையை மேல் லேயரில் விட்டுவிட்டு, நிறமும் நிழலும் உள்ள கீழ் லேயரை மங்கலாக்கினேன். நரம்பு போய்விட்டது, ஆனால் கை மெழுகு பொம்மையின் கை மாதிரி ஆகிவிட்டது. என்ன செய்யலாம்?

ஒளிச்சாரல்:
செப்பரேஷன் மேல் பழி போடாதீர்கள். ரேடியஸைக் கூட்டி வைத்திருப்பீர்கள். குறைத்துப் பாருங்கள். நரம்பின் நீலத்துக்கு ஹியூ/சாச்சுரேஷனில் ப்ளூவை எடுத்து சாச்சுரேஷனைக் குறைத்தால் முடிந்தது, இரண்டு நிமிட வேலை.

தூரிகை:
ஒளிச்சாரல், நீங்கள் சொன்ன அந்த ப்ளூ ஸ்லைடரை ஒரு கைப் படத்தில் இழுத்துப் பாருங்கள், ஒன்றுமே நடக்காது. நரம்பு நம் கண்ணுக்குத்தான் நீலம். என்னிடம் இருக்கும் ஒரு படத்தில் ஐட்ராப்பர் வைத்துப் பார்த்தேன். நரம்புக்குப் பக்கத்துத் தோல் 198, 152, 128. நரம்பின் மேல் 172, 146, 130. அங்கேயும் சிவப்புதான் அதிகம், நீலம்தான் குறைவு. பச்சையும் நீலமும் கிட்டத்தட்ட அப்படியே நிற்க, சிவப்பு மட்டும் 26 இறங்கியிருக்கிறது. சுற்றிலும் சிவந்த தோல் இருப்பதால் இந்தச் சாம்பல் கலந்த பழுப்பு நமக்கு நீலமாகத் தோன்றுகிறது.

குறைந்தது சிவப்பு என்று தெரிந்துவிட்டால் வழியும் தெரிந்துவிடும். ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு ரெட் சேனலை மட்டும் எடுங்கள். 172 இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து 190 வரை ஏற்றுங்கள். 198 வரை போக வேண்டாம், கொஞ்சம் நரம்பு மிஞ்சட்டும். மாஸ்க்கை முழுக்கக் கறுப்பாக்கிவிட்டு, நரம்பின் அகலமே உள்ள மென்மையான பிரஷ்ஷில், ஃப்ளோ 5 சதவீதம் வைத்து, நரம்பின் மேலேயே வெள்ளை தடவிக்கொண்டு போங்கள். நிறமும் சரியாகும், இருட்டும் குறையும். எதையும் மங்கலாக்காததால் தோலின் ரேகை ஒன்றுகூட அழியாது.

செல்வி:
நகக்குறி என்றால் நகத்தில் வரும் வெள்ளைப் புள்ளிதானே? அதை நான் ஹீலிங் பிரஷ்ஷில் ஒரு சொடுக்கில் எடுத்துவிடுவேன். நகத்தின் நீளவாக்கில் ஓடும் ஒளிக்கோட்டைத் தொட்டுவிடக் கூடாது. ஒரு தடவை அதை மங்கலாக்கிவிட்டேன், பிளாஸ்டிக் நகம் ஒட்டியது போல ஆகிவிட்டது.

நிலவன்:
அது இல்லை செல்வி. நகம் அழுந்தித் தோலில் பதிந்த பிறை வடிவப் பள்ளம். சுற்றிலும் சிவந்திருக்கிறது.

தூரிகை அண்ணா, ரெட் கர்வ்ஸ் போட்டுப் பார்த்தேன். மணிக்கட்டுப் பக்கம் நரம்பு நன்றாக அடங்கிவிட்டது. விரல் முட்டிக்குக் கீழே நிறம் சரியான பிறகும் கயிறு மாதிரி தெரிகிறது.

தூரிகை:
அது புடைத்த நரம்பு தம்பி. மணிக்கட்டில் இருந்தது தோலுக்கு அடியில் படுத்திருக்கும் நரம்பு, அங்கே நிறம் மட்டும்தான் பிரச்சினை. முட்டிக்குக் கீழே இருப்பது மேடு. வெளிச்சம் வரும் பக்கம் ஒரு மெல்லிய பளபளப்பு, எதிர்ப்பக்கம் ஒரு நிழல், இந்த இரண்டு கோடும் சேர்ந்துதான் கண்ணுக்கு மேடாகத் தெரிகிறது.

வெளிச்சமாக்க ஒரு கர்வ்ஸ், இருட்டாக்க ஒரு கர்வ்ஸ், இரண்டுக்கும் கறுப்பு மாஸ்க். எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு பிளாக் அண்ட் ஒயிட் லேயர் வைத்துக்கொள்ளுங்கள், நிறம் கண்ணைக் குழப்பாது. நிழல் கோட்டை வெளிச்ச கர்வ்ஸாலும், பளபளப்பை இருட்டு கர்வ்ஸாலும் 3 சதவீத ஃப்ளோவில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். படம் 50 சதவீத அளவில் திரையில் இருக்கட்டும். 200-க்குப் பெரிதாக்கி உட்கார்ந்தால் கை கண்ணில் படாது, கோடு மட்டும்தான் படும். எல்லாவற்றையும் அழித்துவிடுவீர்கள்.

ஒரு எச்சரிக்கை. மணிக்கட்டிலிருந்து ஒவ்வொரு விரல் முட்டிக்கும் நேராக விசிறி போல ஓடுவது நரம்பு இல்லை, தசைநார். நரம்பு வளைந்து கிளை பிரிந்து ஓடும். தசைநாரையும் சேர்த்து எடுத்தால் கைக்குள் எலும்பே இல்லாத மாதிரி, உறை மாட்டிய கை போல ஆகிவிடும். உங்கள் முதல் படத்தில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். கீழ் லேயரை மங்கலாக்கியபோது நரம்பு, தசைநார், முட்டியின் சிவப்பு எல்லாம் ஒரே நிறத்தில் கரைந்துவிட்டன. ரேகை மட்டும் மேல் லேயரில் அப்படியே நின்றது. உருவம் இல்லாத இடத்தில் ரேகை மட்டும் இருந்தால் அதுதான் மெழுகு.

ஒளிச்சாரல்:
நீலம் விஷயத்தில் நான் தப்பு, சோதித்துப் பார்த்தேன். ஆனால் செப்பரேஷனை முழுசாகத் தள்ளாதீர்கள். கீழ் லேயர் மொத்தத்தையும் மங்கலாக்காமல், லாஸோவால் நரம்பின் ஒரு சிறு துண்டைப் பிடித்து, ஃபெதர் கொடுத்து அதை மட்டும் மங்கலாக்கினால் தசைநார் தப்பிக்கும். ஐம்பது படம் ஒரே நாளில் கொடுக்க வேண்டியவர் ஒவ்வொரு நரம்பையும் 3 சதவீதத்தில் தடவிக்கொண்டிருக்க முடியுமா?

தூரிகை:
துண்டு துண்டாகச் செய்தால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் விரல் ஓரத்துக்கு அருகே மங்கலாக்காதீர்கள், பின்னணி நிறம் தோலுக்குள் கசியும்.

பழைய லென்ஸ்:
இவ்வளவும் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஷட்டரை அழுத்தும் முன் அந்தக் கையை அரை நிமிடம் தலைக்கு மேல் தூக்கி வைக்கச் சொல்லியிருந்தால் ரத்தம் இறங்கிப் புடைப்பு பாதி அடங்கியிருக்கும். நகக்குறியும் சில நிமிடம் காத்திருந்தால் மறைந்திருக்கும். அதைவிட முக்கியம், அறுபது வயதுக் கைக்கு நரம்பு இருக்கும். அதை எடுக்க நாம் யார்?

செல்வி:
இதில் எனக்கு ஒரு வலி உண்டு. என் பெரியம்மா படத்தில் கை நரம்பை முழுக்க எடுத்துக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது என் கை இல்லையே கண்ணு" என்றார். முகத்தில் சுருக்கத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் இளமையாக்கியிருந்தேன். இப்போது முகத்தில் எவ்வளவு விட்டேனோ அந்த அளவு கையிலும் விடுகிறேன்.

தூரிகை:
செல்வி சொன்ன அளவுகோலைத்தான் நானும் பிடிக்கிறேன். ஆனால் பழைய லென்ஸ் ஐயா, படம் எடுக்கப்பட்டவரே குறைக்கச் சொல்லும்போது முடியாது என்று நான் சொல்ல மாட்டேன்.

நிலவன், நகக்குறிக்கு: முதலில் பள்ளம், பிறகு சிவப்பு. இரண்டையும் ஒரே தடவையில் எடுக்கப் பார்க்காதீர்கள். புது லேயரில் ஹீலிங் பிரஷ், பிறையைவிடச் சற்றே பெரிய அளவு. மாதிரியை அதே முன்கையில், அதே பக்க வெளிச்சத்தில் இருந்து எடுங்கள். கன்னத்திலிருந்து எடுத்தால் அந்தத் துளைகள் கையில் ஒட்டு போட்டதுபோல் தெரியும். பள்ளம் போன பிறகு மிஞ்சும் சிவப்பில் பச்சைதான் குறைந்திருக்கும். கர்வ்ஸில் க்ரீன் சேனலைச் சிறிது ஏற்றி மாஸ்க்கில் தடவுங்கள்.

பழைய லென்ஸ்:
அவரே கேட்டால் சரி. கேட்காமல் செய்வதைத்தான் சொன்னேன். அதில் என் கருத்து மாறாது.

நிலவன்:
மூன்றில் இரண்டு நகக்குறி சுத்தமாகப் போய்விட்டது. மூன்றாவது, அழுத்திய விரலின் ஓரத்தை ஒட்டியே இருக்கிறது. ஹீலிங் வைத்தால் விரலின் நிழல் கறுப்பாக இழுத்துக்கொண்டு வருகிறது.

தூரிகை:
ஓரத்தில் ஹீலிங் அப்படித்தான் செய்யும், பக்கத்து நிறத்தோடு கலக்கப் பார்க்கும். அங்கே க்ளோன் ஸ்டாம்ப், 30 சதவீத ஒபாசிட்டி. விரலிலிருந்து கையில் விழும் நிழலை மட்டும் தொடாமல் விட்டுவிடுங்கள், அது போனால் விரல் கையைத் தொடாமல் மிதக்கும்.