விபத்துக்குப் பின் காப்புறுதி நிறுவனத்துக்கு பிரெஞ்சில் கடிதம்: இந்த வரிகள் சரியா?

நிரூ, லா கூர்நேவ்

வணக்கம் உறவுகளே. நான் பிரான்சுக்கு வந்து ஏழு மாதங்கள்தான் ஆகின்றன. என் கார் விபத்துக்குள்ளானதால் காப்புறுதி நிறுவனத்துக்குக் கடிதம் எழுத வேண்டியுள்ளது. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு இரவுகள் இருந்து எழுதினேன். அதன் கருத்து இதுதான்: "வட்டச்சந்திக்கு முன்னால் நான் நின்றேன், திடீரென, பின்னால் கார் காரை மோதியது. ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் மன்னிக்கவும். தயவுசெய்து எனக்கு உதவுங்கள்." இதில் ஏதேனும் பிழை இருக்கிறதா? பணம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

ரவி, சார்செல்

தம்பி, ஐந்து வேலை நாட்களுக்குள் பதிவுத் தபாலில் போய்ச் சேராவிட்டால் ஒரு சதமும் கிடைக்காது. அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து இடித்தவரே எப்போதும் குற்றவாளி என்பதால் கடிதத்தில் என்ன எழுதினாலும் பரவாயில்லை. மற்றவருடைய காப்புறுதி நிறுவனத்துக்கே நேரடியாக எழுதுங்கள், பணம் தர வேண்டியவர்கள் அவர்கள்தான்.

கலா, பொபினி

நான் 2009இல் வந்த முதல் குளிர்காலத்தில் என் கணவரின் கார் பனியில் வழுக்கி ஒரு சுவரில் மோதியது. அப்போது எங்களுக்கு பிரெஞ்சில் "ஆம்", "இல்லை" மட்டுமே தெரியும். நிறுவனத்துக்கு நான்கு கடிதங்கள் போட்டோம், ஒவ்வொன்றுக்கும் வேறொரு பெயரில் பதில் வந்தது. அவர்கள் அனுப்பிய நிபுணர் காரைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, திருத்தும் செலவு காரின் மதிப்பைத் தாண்டுகிறது என்று எழுதினார். வேலைக்குப் போக வாகனமில்லாமல் அதிகாலை நான்கு மணிக்கு நடந்த நாட்களை இன்றும் மறக்க முடியவில்லை. தம்பி, இவர்களிடம் எளிதில் பணம் வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

ரவி, சார்செல்

அக்கா சொல்வது உண்மை. மாதாமாதம் பணம் எடுக்கும்போது ஒரு நாளும் தாமதிக்க மாட்டார்கள், கொடுக்கும்போது மட்டும் இன்னொரு பத்திரம் வேண்டும் என்பார்கள். வெளிநாட்டுப் பெயரைக் கண்டால் கோப்பு கீழே போய்விடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தயாளன், பாரிஸ்

நான் வாரத்தில் ஒரு மாலை, நகரசபை அலுவலகத்தில் மக்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் தொண்டராக இருக்கிறேன். நிரூ, முதலில் நான்கு விபரங்கள் வேண்டும். விபத்து எந்த நாள் நடந்தது? விபத்து நடந்த விதத்தை இரு ஓட்டுநர்களும் சேர்ந்து நிரப்பும் கொன்ஸ்தா பத்திரத்தில் இருவரும் கையெழுத்திட்டீர்களா? அதில் 12ஆம் பகுதியில் எந்தெந்தக் கட்டங்களில் புள்ளடி இட்டீர்கள்? யாருக்காவது உடலில் வலி இருக்கிறதா? இவை தெரியாமல் கடிதத்தைத் திருத்துவது சரியல்ல.

நிரூ, லா கூர்நேவ்

மன்னிக்கவும், சொல்ல மறந்துவிட்டேன். விபத்து கடந்த வியாழக்கிழமை நடந்தது. அந்த இடத்திலேயே பத்திரத்தில் இருவரும் கையெழுத்திட்டோம். அதில் நான் வாகனம் A, பின்னால் மோதியவர் வாகனம் B. அவர் 8ஆம் கட்டத்தில் புள்ளடியிட்டார். வட்டச்சந்தி என்ற சொல் இருந்ததால் நான் 6ஆம் கட்டத்தில் இட்டேன். படத்தை அவரே வரைந்தார், அதில் என் கார் வழிவிடும் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறது. முன் இருக்கையில் இருந்த என் மனைவிக்கு நேற்றிலிருந்து கழுத்து வலிக்கிறது. காயம் உண்டா என்ற கேள்விக்கு அன்று "இல்லை" என்றுதான் குறித்திருந்தோம்.

தயாளன், பாரிஸ்

நல்லது, இப்போது விடயம் தெளிவாகிறது. மனைவியை இன்றே மருத்துவரிடம் அழைத்துச் சென்று, விபத்துக்குப் பின்னான முதல் மருத்துவச் சான்றிதழை எழுதி வாங்குங்கள். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வாகனத்தில் பயணித்தவருக்கு, ஓட்டியவரின் தவறைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது. "இல்லை" என்ற குறிப்பு அவரது உரிமையைப் பறித்துவிடாது. ஆனால் வலி எப்போது தொடங்கியது என்பதற்கு மருத்துவரின் திகதியிட்ட எழுத்து வேண்டும். கடிதத்திலும் அதை ஒரே வரியில் எழுதுங்கள்: வலி விபத்துக்கு அடுத்த நாட்களில் வெளிப்பட்டது, சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளது.

ரவி அண்ணாவின் கருத்தில் ஒரு பாதி சரி. ஐந்து வேலை நாட்கள் என்பது உண்மை. வியாழன் நடந்ததால் வெள்ளி முதல் எண்ணினால், சனி, ஞாயிறு தவிர்த்து, அடுத்த வியாழனுடன் முடிகிறது. ஆனால் தாமதித்தால் எல்லாம் போய்விடும் என்பதில்லை. தாமதத்தால் தங்களுக்குப் பாதிப்பு ஏற்பட்டதை நிறுவனம் காட்ட வேண்டும். கடிதம் எழுத வேண்டியது உங்கள் சொந்த நிறுவனத்துக்கே, மற்றவருடையதற்கு அல்ல. இரு வாகனங்களும் அடையாளம் காணப்பட்ட மோதலில், உங்கள் நிறுவனமே உங்களுக்குத் தந்துவிட்டு மற்ற நிறுவனத்துடன் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது.

கடிதத்தில் என்ன எழுதினாலும் பரவாயில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். நிரூ எழுதிய வரியில் மூன்று ஆபத்துகள் இருக்கின்றன. நீங்கள் "ஜெ ம ஸ்வி ஆரெத்தே" என்று எழுதியிருப்பீர்கள் என நினைக்கிறேன். அது "நான் நிறுத்தினேன்" என்ற செயல். அதோடு "திடீரென" என்ற சொல் வந்தால், படிப்பவர் நீங்கள் சட்டென்று பிரேக் பிடித்தீர்கள் என்றே எடுத்துக்கொள்வார். உங்கள் மனதில் இருந்ததோ மோதல் திடீரென நடந்தது என்பது. தமிழில் "நின்றுகொண்டிருந்தேன்" என்று நினைத்துப் பாருங்கள், அதற்குரிய பிரெஞ்சு "ஜெத்தே ஆ லாரே". அந்த இரண்டு வடிவங்களுக்கும் இடையில்தான் பொறுப்பு யாருடையது என்பது தங்கியிருக்கிறது.

இரண்டாவது, "கார் காரை மோதியது" என்றால் எது எதை என்று தெரியவில்லை. பத்திரத்தில் உள்ளபடியே "வாகனம் B என் வாகனத்தின் பின்பகுதியில் மோதியது" என எழுதுங்கள். மூன்றாவது, மன்னிப்பு. தமிழில் அது மரியாதை, ஆனால் விபத்துக் கடிதத்தில் அது குற்ற ஒப்புதலாக வாசிக்கப்படலாம். அதை முழுதாக எடுத்துவிடுங்கள். கடைசியில் வழக்கமான ஒரு பிரெஞ்சு வணக்க வரி போதும்.

கலா, பொபினி

தம்பி தயாளன், கடிதத்தில் கட்டம் 6 தவறாக இடப்பட்டது என்று எழுதிவிடலாமா?

தயாளன், பாரிஸ்

அக்கா, இருவரும் கையெழுத்திட்ட முன்பக்கத்தைத் தனியொருவர் கடிதத்தால் மாற்ற முடியாது. 6ஆம் கட்டம் "வட்டச்சந்திக்குள் நுழைந்துகொண்டிருந்தார்" என்று சொல்கிறது. 8ஆம் கட்டமோ அதே திசையில், அதே வரிசையில் வந்து பின்னால் மோதியதைச் சொல்கிறது. மற்றவர் அதைத் தானே குறித்திருப்பதும், படத்தில் கார் கோட்டுக்குப் பின்னால் நிற்பதும் நிரூவுக்குப் பலம். எனவே கடிதம் பத்திரத்தை மறுக்காமல், "நுழைவதற்காகக் காத்திருந்து ஆ லாரே நிலையில் இருந்தேன், படமும் அதையே காட்டுகிறது" என்று மட்டும் விளக்கட்டும். நிறுவனம் 6ஐ எப்படி எடுத்துக்கொள்ளும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

ரவி, சார்செல்

மற்ற நிறுவனத்துக்கு எழுதச் சொன்னது என் தவறு. ஆனால் பதிவுத் தபாலை விடாதீர்கள், பெற்றுக்கொண்டதற்கான சீட்டுடன் அனுப்புங்கள். எனக்கு 2014இல் கடிதமே வரவில்லை என்று ஒரு முகவர் சாதித்தார்.

தயாளன், பாரிஸ்

அதில் ரவி அண்ணா சொல்வது முழுக்கச் சரி. நிரூ, தலைப்பில் ஒப்பந்த எண், வாகனப் பதிவு எண், விபத்துத் திகதி மூன்றையும் எழுதுங்கள். கொன்ஸ்தாவின் மூலப்பிரதியை இணைத்து, நகலை வீட்டில் வையுங்கள். நிபுணர் பார்க்கும்வரை காரைத் திருத்தக் கொடுக்காதீர்கள். உங்கள் ஒப்பந்தம் மூன்றாம் நபருக்கு மட்டுமா, முழுமையானதா என்பதை இன்னும் சொல்லவில்லை. பொறுப்பு உங்கள் மேல் விழுந்தால் சொந்தக் காருக்கான இழப்பீடு அதைப் பொறுத்தே இருக்கும்.

நிரூ, லா கூர்நேவ்

மூன்றாம் நபருக்கு மட்டும்தான், அண்ணா. மருத்துவர் சான்றிதழ் எழுதித் தந்துவிட்டார். வரிகளை மாற்றிவிட்டேன், நாளை காலை தபால் அலுவலகம் திறந்தவுடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். நிறுவனத்தின் பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.