கழிவறை துஆவும் ஏழு வயது மகளின் பயமும்

ஷமீமா
அஸ்ஸலாமு அலைக்கும். என் மகளுக்கு ஏழு வயது. மூன்று வாரங்களுக்கு முன் மக்தபில் கழிவறைக்குள் நுழையும் துஆவைக் கற்றுக்கொடுத்தார்கள். பொருள் கேட்டதற்கு, "உள்ளே ஆண் ஷைத்தானும் பெண் ஷைத்தானும் இருக்கும்" என்றார்களாம். அன்றிலிருந்து தனியாகப் போவதில்லை. இரவில் அடக்கிக்கொண்டே தூங்குகிறாள். நான்கு முறை படுக்கை நனைந்துவிட்டது. "மலக்குகள் கழிவறைக்குள் வரமாட்டார்களாமே, அப்போது உள்ளே என்னோடு யார் இருப்பார்கள்?" என்று நேற்றுக் கேட்டாள். என்ன பதில் சொல்வது?

கமால்
"அங்கே ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடுங்கள். நான் என் பிள்ளைகளிடம் பத்து வயதுவரை ஜின், ஷைத்தான் என்ற சொற்களையே எடுத்ததில்லை. இருட்டைக் கண்டால் நிழலே ஆளாகத் தெரியும் வயது அது. அந்த வயதில் இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பது கொடுமை.

அப்துல் ரஹீம்
சகோதரி, மூன்று வாரம் என்பது சாதாரணப் பயம் அல்ல. மஃரிப் நேரத்தில் எங்கேயாவது போய்வந்தாளா? என் தங்கை மகனுக்கும் இப்படித்தான் தொடங்கியது. நல்ல ஹஜ்ரத்திடம் ஓதிப்பார்த்து, தண்ணீர் ஓதி வாங்கி வாருங்கள். தாமதிக்க வேண்டாம்.

மக்தப் ஆசிரியர்
ரஹீம் பாய், பிள்ளையை எதுவும் பிடிக்கவில்லை. கேட்டதை அப்படியே நம்பியிருக்கிறாள், அவ்வளவுதான். "உனக்கு ஓதிப்பார்க்க வேண்டும்" என்று அவள் காதில் விழுந்தால், தன்மீது ஏதோ இருக்கிறது என்றே முடிவு செய்துவிடுவாள்.

இருபது ஆண்டுகளாகச் சிறு பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறேன். தவறு எங்கள் பக்கம்தான். "அல்லாஹும்ம இன்னீ அஊது பிக மினல் குபுஸி வல் கபாயிஸ்" என்பது துஆ. இதில் "அல்லாஹ்வே, உன்னிடம் பாதுகாப்புத் தேடுகிறேன்" என்பது முன்பாதி. எதிலிருந்து என்பது பின்பாதி. பிள்ளை கேட்டது பின்பாதியை மட்டும். குடையைக் காட்டாமல் மழையைப் பற்றியே பேசிவிட்டு அனுப்பியிருக்கிறோம்.

இரண்டாவது செய்தி, இந்த துஆவை ஓதும் இடம். வாசலுக்கு வெளியே நின்று ஓதிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைக்கிறோம். பாதுகாப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு போகிறோம். பிஸ்மில்லாஹ் சொல்வது, ஜின்களின் கண்ணுக்கும் மனிதரின் மறைவிடத்துக்கும் இடையே திரை என்று திர்மிதியில் ஒரு ஹதீஸ் வருகிறது. என் வகுப்பில் முதலில் அந்தத் திரையைத்தான் சொல்வேன். ஏழு வயதுப் பிள்ளைக்குத் திரை என்றால் உடனே புரியும்.

கமால் பாய் சொல்வதுபோல் "இல்லை" என்று சொல்வதும் சரியாக வராது. ஜின் என்ற பெயரிலேயே குர்ஆனில் 72ஆவது சூரா இருக்கிறது. இன்று தாய் இல்லை என்பார், நாளை மக்தபில் ஓதுவாள். அடுத்த முறை தாய் சொல்லும் ஆறுதலை அவள் எப்படி நம்புவாள்?

கமால்
ஹஜ்ரத், "குபுஸ்" என்பதை "குப்ஸ்" என்று ஓதி, பொதுவாகத் தீமை என்று பொருள் கொண்ட அறிஞர்களும் உண்டு அல்லவா? ஏழு வயதுக்கு அந்தப் பொருள் போதாதா?

மக்தப் ஆசிரியர்
உண்டு. புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு "அசுத்தமான, தீய எல்லாவற்றிலிருந்தும்" என்று சொன்னால் போதும். அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் இந்தப் பிள்ளை ஏற்கனவே கேட்டுவிட்டாள். கேட்டதை மறைக்கப் பார்த்தால் பயம் இன்னும் பெரிதாகும்.

நூர்ஜஹான், செவிலியர்
ஷமீமா, துஆவின் பொருள் ஒருபுறம் இருக்கட்டும். இதற்கு முன் ஆறு மாதத்துக்கு மேல் படுக்கை நனையாமல் இருந்து இப்போது நனைகிறது என்றால், முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். அடக்கி அடக்கி வைக்கும் பெண் குழந்தைகளுக்கு நோய்த்தொற்று எளிதில் வரும். எரிகிறது என்கிறாளா, அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போகிறாளா, காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள். மலச்சிக்கல் இருந்தாலும் படுக்கை நனையும். கழிவறைக்கே அஞ்சும் பிள்ளை அதையும் அடக்கத்தான் செய்வாள்.

இன்னொரு கேள்வி. உங்கள் வீட்டுக் கழிவறை விளக்கின் சுவிட்ச் அவள் கைக்கு எட்டுமா?

ஷமீமா
எட்டாது. வெளிச்சுவரில் என் தோள் உயரத்தில் இருக்கிறது. இதை நான் யோசித்ததே இல்லை.

நூர்ஜஹான், செவிலியர்
அப்படியானால் மஃரிபிலிருந்து விடியும்வரை விளக்கு எரியட்டும். நனைத்ததற்கு ஒரு சொல்லும் திட்டாதீர்கள். படுக்கும் முன் ஒருமுறை கூட்டிப்போங்கள். முதல் சில நாட்கள் வாசலிலேயே நில்லுங்கள். பிறகு மூன்றடி தள்ளி, அதன்பின் கூடத்தில். அவள் தயங்கினால் ஒரு படி பின்னே வாருங்கள், அது தோல்வி அல்ல. ஒரே நாளில் "நீ பெரிய பிள்ளை, தனியாகப் போ" என்று விட்டால், பட்ட பாடெல்லாம் வீண்.

ஸ்டெல்லா
நாங்கள் கத்தோலிக்கர். தூங்கும் முன் காவல் சம்மனசிடம் சொல்லும் செபத்தை என் மகளுக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் கற்றுக்கொடுத்தேன். ஒருநாள் குளிக்கும்போது துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "சம்மனசு இப்போதும் பார்த்துக்கொண்டிருக்குமா அம்மா?" என்று கேட்டாள். நல்லவர் பார்ப்பதாகச் சொன்னாலும் குழந்தைக்குக் கூச்சம் வருகிறது. மலக்குகளைப் பற்றிச் சொல்லும்போது அதையும் நினைவில் வையுங்கள்.

அப்துல் ரஹீம்
எல்லோரும் பயத்தைப் போக்குவதிலேயே இருக்கிறீர்கள். மாலையில் பிள்ளைகளை வெளியே விடாதீர்கள், ஷைத்தான்கள் பரவும் நேரம் என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் சொல்லவில்லையா? கொஞ்சம் பயம் இருந்தால்தான் பிள்ளை அடங்கும்.

மக்தப் ஆசிரியர்
புகாரியில் வரும் அந்த ஹதீஸை முழுவதும் ஓதுங்கள். இரவில் சிறிது நேரம் கழிந்ததும் அவர்களை விட்டுவிடுங்கள் என்று அடுத்த வரி வருகிறது. அல்லாஹ்வின் பெயர் சொல்லிக் கதவைச் சாத்துங்கள், சாத்திய கதவை ஷைத்தான் திறக்கமாட்டான் என்று வருகிறது. அங்கே சொன்னது பெரியவர்களிடம், பிள்ளைகளைக் காத்துக்கொள்ளச் சொல்லி. அதை எடுத்துப் பிள்ளைகளையே மிரட்டுவது எந்த விதத்தில் நியாயம்? ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது ஆகுமானதல்ல என்று அபூதாவூதில் இருக்கிறது. விளையாட்டுக்குக்கூடக் கூடாது என்பதுதான் அதன் பின்னணி.

அப்துல் ரஹீம்
மிரட்டச் சொல்லவில்லை. பயமே இல்லாத பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன் என்கிறேன்.

ஷமீமா
பரிசோதனையில் தொற்று இருந்தது, மருந்து கொடுக்கிறோம். திரை என்று சொன்னது அவளுக்குப் பிடித்துவிட்டது. வாசலில் நின்று ஓதிவிட்டுக் கையால் திரையை இழுப்பதுபோல் செய்கிறாள். ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் விடவில்லை. உள்ளே என்னோடு யார்?

மக்தப் ஆசிரியர்
மலக்குகள் அந்த நேரத்தில் விலகி நிற்பார்களா என்பதில் எல்லோரும் ஒரே கருத்தில் இல்லை. விலகுவார்கள் என்று வரும் அறிவிப்பு வலுவானதல்ல. அதை உறுதியான செய்திபோல் வகுப்பில் சொல்லியிருக்கக் கூடாது. பிள்ளையிடம் இப்படிச் சொல்லுங்கள்: "நீ மலக்கைக் கூப்பிடவில்லை. அல்லாஹ்வைக் கூப்பிட்டாய். அவன் பிடரி நரம்பைவிட நெருக்கமாக இருக்கிறான். அவனுக்குக் கதவு கிடையாது."

கமால்
பிடரி நரம்பு ஏழு வயதுக்குப் புரியுமா?

மக்தப் ஆசிரியர்
அவள் கழுத்தில் அவள் விரலையே வைத்துத் துடிப்பைக் காட்டச் சொல்லுங்கள்.

ஷமீமா
காட்டுகிறேன். இன்னொன்று. உள்ளே இருக்கும்போது "உம்மா, இருக்கிறீர்களா?" என்று கூப்பிடுகிறாள். உள்ளே பேசக் கூடாது என்று என் மாமியார் கண்டிக்கிறார்.

மக்தப் ஆசிரியர்
தேவையின்றிப் பேசுவதுதான் வெறுக்கத்தக்கது. பயந்த பிள்ளையின் குரல் தேவைதான். மாமியாருக்கும் மனம் ஒப்ப வேண்டுமென்றால், நீங்கள் கதவை இருமுறை தட்டுங்கள்; அவள் குவளையால் வாளியைத் தட்டிப் பதில் சொல்லட்டும்.

ஷமீமா
இன்று மாலை தட்டினேன். வாளி மூன்று முறை ஒலித்தது.