தலையில் சுரீர் என்று ஒரு குத்து, அடுத்த நொடி ஒன்றுமில்லை. உங்களுக்கும் வந்திருக்கிறதா?

ஆதம்பாக்கம் வாசகி

எனக்கு 34 வயது. மூன்று மாதத்துக்கு முன்னால், சாதம் வடித்துக்கொண்டிருந்தபோது இடது நெற்றிப்பொட்டில் ஊசியை இறக்கி எடுத்த மாதிரி ஒரு குத்து. ‘ஆ’ என்று கத்திவிட்டேன், கையிலிருந்த தட்டு நழுவியது. என் கணவர் ஓடி வருவதற்குள் வலி இல்லை. கொஞ்சம்கூட மிச்சம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. மறுநாள் கண்ணுக்கு மேலே, அப்புறம் பின்மண்டையில். மூளையில் ஏதோ நரம்பு வெடிக்கப் போகிறது என்றே நினைத்து இரண்டு இரவு தூங்கவில்லை.

நரம்பியல் மருத்துவரிடம் போனேன். அவர் கேட்ட கேள்விகளைச் சொல்கிறேன். எத்தனை நொடி இருக்கிறது? ஒரே இடத்திலா, இடம் மாறுகிறதா? குத்தும்போது அந்தப் பக்கக் கண் சிவந்து நீர் வடிகிறதா? தொட்டாலோ மென்றாலோ பல் துலக்கினாலோ வருகிறதா? காய்ச்சல், பார்வை மங்கல், கை கால் மரப்பு உண்டா? நான் 16 வயதிலிருந்தே ஒற்றைத் தலைவலிக்காரி என்று சொன்னதும் தலையாட்டினார். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், நடக்கச் சொன்னார், கை கால் பலம் பார்த்தார். “இப்போதைக்கு ஸ்கேன் வேண்டாம், இரண்டு வாரம் குறித்துக்கொண்டு வாருங்கள்” என்றார்.

தினசரி காலண்டர் தாளிலேயே குறித்தேன். 14 நாளில் 31 குத்து. இடது பொட்டு 13, வலது பொட்டு 7, பின்மண்டை 6, கண் பக்கம் 5. சில நாள் ஒன்றுகூட இல்லை. ஒற்றைத் தலைவலி வந்த நாளிலும் அதற்கு முந்தின நாளிலும்தான் பாதிக்கு மேல். தாளைப் பார்த்துவிட்டு, இதற்கு ஐஸ் பிக் தலைவலி என்று பெயர், ஆபத்தில்லை என்றார். மாத்திரை எதுவும் தரவில்லை. அடுத்த மாதமே தானாகக் குறைந்துவிட்டது. இங்கே வேறு யாருக்காவது உண்டா?

பெரம்பூர் சார்

சகோதரி, எனக்கும் அப்படித்தான். பெசன்ட் நகர் பீச்சில் குச்சி ஐஸை வேகமாகக் கடித்தால் நெற்றி விண்ணென்று தெறிக்கும். நாக்கை மேலண்ணத்தில் அழுத்திக்கொண்டால் போய்விடும். ஐஸைக் குறைத்துப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற நர்ஸ், அயனாவரம்

பெரம்பூர் சார், நீங்கள் சொல்வது குளிர்ச்சி அண்ணத்தில் பட்டு வருகிற வலி. அது வேறு. இந்த வலிக்கும் ஐஸ் தின்பதற்கும் சம்பந்தமில்லை. ஐஸ் பாளத்தைக் குத்தி உடைக்கிற கூர்க் கம்பி இருக்கிறதே, அதால் குத்தின மாதிரி இருப்பதால் அந்தப் பெயர்.

நரம்பியல் வார்டில் பல வருடம் இருந்தேன். இதற்காகப் பயந்து வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “நான் வலியைப் பார்த்து பயப்படவில்லை சிஸ்டர், அது போன வேகத்தைப் பார்த்து பயந்தேன்.” ஆனால் போகிற வேகம்தான் நல்ல அறிகுறி. பெரும்பாலான குத்து மூன்று நொடிக்குள் முடிந்துவிடும். கட்டியோ ரத்தக் கசிவோ இப்படி மூன்று நொடி வந்துவிட்டு நாள் முழுக்கச் சும்மா இருப்பது வழக்கமில்லை. இடம் மாறி மாறி வருவது இன்னொரு நல்ல அறிகுறி. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும், அதுவும் அந்தத் தலைவலி பிடிக்கிற பக்கத்திலேயே.

தி.நகர் துணிக்கடை

எல்லாம் வெயில்தான் மேடம். மே மாதம் உஸ்மான் ரோட்டில் நின்றால் யாருக்கும் குத்தும். மோர் குடித்து, குத்தினவுடனே ஒரு பாராசிட்டமால் போட்டால் எனக்கு நின்றுவிடுகிறது. வாரத்தில் ஐந்து நாள் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

ஓய்வுபெற்ற நர்ஸ், அயனாவரம்

தம்பி, தண்ணீர் குறைந்தால் தலைவலி வரும், அது சரி. ஆனால் மாத்திரை வேலை செய்ய அரை மணியாவது ஆகும். குத்து மூன்று நொடியில் போய்விட்டது. உங்கள் மாத்திரை எதை நிறுத்தியது? வாரம் ஐந்து நாள் என்று மாதக்கணக்கில் போட்டால், அந்த மாத்திரையே தினசரித் தலைவலியைக் கொண்டுவந்துவிடும். அதைத் தயவுசெய்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மயிலாப்பூர் பாட்டி

எனக்கும் குத்துகிறது அம்மா, ஆனால் கன்னத்தில். பல் துலக்கினால், முகம் கழுவினால், ஃபேன் காற்று பட்டால்கூட கரண்ட் அடித்த மாதிரி. பல் சொத்தை என்று ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். வலி அப்படியே இருந்தது. அடுத்த பல்லையும் பிடுங்க இருந்தபோது என் மகள் நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். முக நரம்பு வலி என்று வேறு மாத்திரை கொடுத்தார், பாதி குறைந்தது. பல் ஒன்று போனதுதான் மிச்சம். இந்தப் பெண்ணுக்கும் அதுவாக இருக்குமோ?

ஆதம்பாக்கம் வாசகி

இல்லை பாட்டி, எனக்குத் தொட்டால் வரவில்லை. அதனால்தான் அவர் பல் துலக்குவதைப் பற்றிக் கேட்டார் என்று இப்போது புரிகிறது.

குரோம்பேட்டை மருமகள்

இதைப் படித்ததும் என் மாமனார் நினைவுதான் வருகிறது. வயது 68. வாழ்நாளில் தலைவலி என்று சொன்னதில்லை. மூன்று வாரமாக வலது பொட்டில் குத்துகிறது என்கிறார். குத்து போன பிறகும் அங்கே லேசான வலி இருக்கிறதாம். சீப்பு பட்டால் வலிக்கிறது என்று தலை சீவுவதில்லை. சப்பாத்தி மென்றால் தாடை நோகிறது என்று பாதியில் வைத்துவிடுகிறார். இதுவும் ஐஸ் பிக் தானே? திங்கட்கிழமை காட்டலாமா?

ஓய்வுபெற்ற நர்ஸ், அயனாவரம்

அம்மா, திங்கள்வரை வேண்டாம், இன்றைக்கே போங்கள். 50 வயதுக்கு மேல் புதிதாக வந்த வலி, ஒரே பொட்டு, சீப்பு பட்டால் வலி, மென்றால் தாடை வலி. இது நாம் பேசுகிற வலியாகத் தெரியவில்லை. பொட்டில் ஓடுகிற ரத்தக்குழாய் வீங்கினால் இப்படி வரும். நம் ஊரில் அபூர்வம்தான், ஆனால் கவனிக்காமல் விட்டால் கண் பார்வை திடீரென்று போய்விடும், போனது திரும்பி வருவது கஷ்டம். மெல்லும்போது தாடை வலிக்கிறது என்பதை டாக்டரிடம் முதல் வரியாகச் சொல்லுங்கள், ஈ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். பார்வை கொஞ்சம் மங்கினாலும் இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

குரோம்பேட்டை மருமகள்

நன்றி சிஸ்டர். அன்றைக்கே போனோம். ஈ.எஸ்.ஆர். 92. அன்று இரவே ஸ்டீராய்டு ஆரம்பித்துவிட்டார்கள். பொட்டு ரத்தக்குழாயில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமாம், இந்த வாரம். பார்வைக்கு இதுவரை ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் முழுச் சப்பாத்தி சாப்பிட்டார்.

சோழிங்கநல்லூர் ஐ.டி.

எனக்கு 29. குத்து இரண்டு நொடிதான், பிறகு ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு மாதமாக வலது காதுக்கு மேலே அதே ஒரு ரூபாய் அளவு இடம். ஒரு தடவைகூட மாறவில்லை. மேலே எல்லாரும் ‘இடம் மாறுகிறது’ என்கிறீர்கள். நான் பயப்பட வேண்டுமா?

ஓய்வுபெற்ற நர்ஸ், அயனாவரம்

பயப்பட வேண்டாம் தம்பி, ஆனால் காட்டுங்கள். இடம் மாறாதவர்களும் நிறையப் பேர் உண்டு, அவர்களில் பலருக்கு ஸ்கேனில் ஒன்றும் இருக்காது. ஆனாலும் ஒரே இடம் என்றால், அங்கே வேறு ஏதும் இல்லை என்று பார்த்த பிறகுதான் இந்தப் பெயரை வைப்பார்கள். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறி, இறங்காமல் நிற்கிற கடும் வலி வந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

சோழிங்கநல்லூர் ஐ.டி.

வியாழக்கிழமை எம்.ஆர்.ஐ. போட்டிருக்கிறார்கள். ஒன்றுமில்லை என்றால் இண்டோமெத்தசின் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். எனக்குப் போன வருடம் வயிற்றுப்புண் இருந்தது, அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற நர்ஸ், அயனாவரம்

முதலில் அதைச் சொல்லுங்கள். அந்த மாத்திரை வயிற்றைக் கெடுக்கும், புண் இருந்தவருக்கு இன்னும் அதிகம். எல்லாருக்கும் முழுசாகக் கேட்பதும் இல்லை. வயிறு ஒத்துக்கொள்ளாதவருக்கு மெலடோனின் கொடுத்துப் பார்க்கிற டாக்டர்களும் உண்டு. உங்களுக்கு எது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். குத்து நாளுக்கு ஒன்றிரண்டுதான் என்றால் மாத்திரையே வேண்டுமா என்றும் கேளுங்கள்.

சோழிங்கநல்லூர் ஐ.டி.

நாளுக்கு ஐந்தாறு. இன்றிலிருந்து குறிக்கிறேன். வியாழன் முடிந்ததும் எழுதுகிறேன்.