பொருள்: டிஎன்எஸ்64 உருவாக்கித் தரும் பதிலுக்கு என்ன சொல்?

சுமதி:

அனைவருக்கும் வணக்கம். கைபேசி வலையமைப்பு பற்றிய கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐபிவி6 முகவரி மட்டும் தரும் நிறுவனங்களின் சிம் போட்டிருக்கும் போனில், ஐபிவி4 மட்டுமே உள்ள பழைய தளமும் எப்படித் திறக்கிறது என்ற இடத்தில் நிற்கிறேன். இரண்டு சொற்கள் வேண்டும். முதலாவது, நடுவில் நிற்கும் நாட்64 கருவிக்கு. இரண்டாவது, இல்லாத ஐபிவி6 முகவரியை டிஎன்எஸ்64 தானே உண்டாக்கித் தருகிறதே, அந்தப் பதிலுக்கு. இப்போதைக்கு 'மொழிபெயர்ப்பு வாயில்', 'போலிப் பதில்' என்று வைத்திருக்கிறேன். இரண்டுமே மனதுக்கு ஒட்டவில்லை.

நவீன்:

சுமதி அக்கா, வாயிலுக்கு 'உறை வாயில்' சரியாக இருக்கும். ஐபிவி4 பாக்கெட்டை ஐபிவி6 உறைக்குள் போட்டு அனுப்பி, அந்தப் பக்கம் பிரித்துவிடுகிறார்கள். அதோடு ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிட்டும் கொடுக்கிறார்கள், நம் வீட்டு ரவுட்டர் செய்வதைப்போல. அதற்குத்தான் 'முகவரி மாற்றம்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே. புதிதாக எதற்கு?

ராகவன்:

நவீன் சொல்வதில் பங்கிடுவது சரி. உறை என்பது சரியில்லை. ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்த்துவிட்டால் சொல் தேடுவது எளிதாகும்.

ஒரு பழைய தளத்தின் முகவரி `192.0.2.33` என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஐபிவி6 முகவரியே கிடையாது. போன் அந்தத் தளத்தின் பெயரைச் சொல்லி `AAAA` பதிவு கேட்கிறது. நிறுவனத்தின் டிஎன்எஸ் தேடிப் பார்க்கிறது, இல்லை. சும்மா 'இல்லை' என்று சொல்லி விட்டுவிடாமல் அதே பெயருக்கு `A` பதிவைக் கேட்கிறது. `192.0.2.33` கிடைக்கிறது. அதைப் பதினாறடிமானத்தில் எழுதினால் `c000:0221`. 192 என்பது `c0`, 33 என்பது `21`. இதற்கு முன்னால் `64:ff9b::` என்ற முன்னொட்டைச் சேர்த்து `64:ff9b::c000:221` என்று போனுக்குத் தருகிறது. முன்னொட்டு 96 பிட், பழைய முகவரி 32 பிட், மொத்தம் 128. கணக்கு கச்சிதமாக முடிகிறது.

போனுக்கு இந்த விஷயம் எதுவும் தெரியாது. வந்த முகவரிக்குப் பாக்கெட்டை அனுப்புகிறது. அந்த முன்னொட்டில் தொடங்கும் எல்லாமே நாட்64 வாயிலுக்குப் போய்ச் சேரும்படி வலையமைப்பில் வழி அமைத்திருப்பார்கள். வாயில் கடைசி 32 பிட்டை எடுத்துப் பழைய முகவரியை மீட்கிறது. ஐபிவி6 தலைப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஐபிவி4 தலைப்பு எழுதுகிறது. அனுப்புநராகத் தன்னிடம் உள்ள ஒரு பொது முகவரியையும் போர்ட் எண்ணையும் போட்டு, 'இது இந்தப் போனுடையது' என்று அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் அந்தக் குறிப்பைப் பார்த்துத் திருப்பி எழுதுகிறது.

உறையாக இருந்தால் பழைய தலைப்பு உள்ளே அப்படியே இருக்க வேண்டும், பாக்கெட் 40 பைட் பெருக்க வேண்டும். இங்கே 20 பைட் தலைப்பு போய் 40 பைட் தலைப்பு வருகிறது, ஆகப் பெருப்பது 20 மட்டும். தளத்திலிருந்து 1500 பைட்டில் வரும் பாக்கெட் இந்தப் பக்கம் 1520 ஆகும். அதைக் கவனிக்காமல் விட்ட இடங்களில் சின்னப் பக்கங்கள் திறக்கும், பெரிய கோப்பு மட்டும் பாதியில் நிற்கும்.

ஆகவே 'மாற்றம்' மட்டும் போதாது. வீட்டு ரவுட்டர் முகவரியையும் போர்ட்டையும் மாற்றுகிறது, தலைப்பின் வகையை மாற்றுவதில்லை. 'பெயர்ப்பு வாயில்' என்பது என் முன்மொழிவு. 'மொழி' வேண்டாம்.

பாலு:

அன்புடையீர், என் சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். சிம் போடும் வசதியுள்ள லினக்ஸ் மடிக்கணினி வைத்திருக்கிறேன். விளம்பரத் தொல்லை தாங்காமல் டிஎன்எஸ் முகவரியை வேறொன்றுக்கு மாற்றினேன். அன்றிலிருந்து பெரிய தளங்கள் எல்லாம் திறக்கின்றன, சில பழைய தளங்கள் மட்டும் வரவே இல்லை. தளங்கள்தாம் செத்துவிட்டன என்று நினைத்தேன். பழைய டிஎன்எஸ்ஸுக்கே திரும்பியதும் அவை வந்துவிட்டன. ஆனால் அலுவலகக் கணக்கு மென்பொருள் இன்னும் இணையவில்லை. அதில் சர்வரின் எண் முகவரியைத்தான் தட்டியிருக்கிறோம். இதற்கும் சொல்லுக்கும் தொடர்பு உண்டா, தெரியவில்லை. யாராவது வழி சொன்னால் நன்றி.

ராகவன்:

பாலு ஐயா, தொடர்பு நிறையவே இருக்கிறது. நீங்கள் மாற்றி வைத்த டிஎன்எஸ்ஸுக்கு உங்கள் நிறுவனத்தின் வாயிலைப் பற்றித் தெரியாது. `AAAA` இல்லையென்றால் 'இல்லை' என்று உண்மையைச் சொல்லிவிடும். சொந்தமாக ஐபிவி6 வைத்திருக்கும் தளங்கள் திறக்கும், மற்றவை திறக்கா. இந்த அறிகுறியைப் பார்த்தாலே நோய் எதுவென்று சொல்லிவிடலாம். உறுதிப்படுத்த இதைத் தட்டிப் பாருங்கள்:

```
dig +short AAAA ipv4only.arpa
```

அந்தப் பெயருக்கு ஐபிவி4 முகவரி மட்டுமே உண்டு. ஆகவே `64:ff9b::c000:aa` போல ஏதாவது வந்தால் டிஎன்எஸ்64 வேலை செய்கிறது. ஒன்றும் வராவிட்டால் இல்லை. சில நிறுவனங்கள் சொந்த முன்னொட்டு வைத்திருக்கும், அங்கே தொடக்கம் வேறாக இருக்கும்.

கணக்கு மென்பொருளின் கதை வேறு. எண்ணை நேரே தட்டினால் டிஎன்எஸ்ஸைக் கேட்கும் வேலையே இல்லை, பிறகு யார் பதிலை உண்டாக்குவது? இதற்காகத்தான் 464எக்ஸ்லாட் வந்தது. போனுக்குள்ளேயே கிளாட் என்ற சின்னப் பெயர்ப்பான் உட்கார்ந்து, செயலிக்கு ஓர் ஐபிவி4 முகவரி இருப்பதாகக் காட்டும். ஆண்ட்ராய்டில் `192.0.0.4` என்று பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் டி-மொபைல் 2013-இல் ஆண்ட்ராய்டு 4.3 போன்களோடு இந்த வழியில்தான் ஐபிவி6-மட்டும் முறைக்குப் போனது. ஆப்பிள் வேறு பக்கமிருந்து நெருக்கியது: 2016 ஜூன் 1 முதல் ஐபிவி6-மட்டும் உள்ள வலையமைப்பில் ஓடாத செயலிகளை ஏற்பதில்லை என்றது. உங்கள் மடிக்கணினியில் `clatd` நிறுவிப் பாருங்கள். இல்லையென்றால் சர்வருக்கு ஒரு பெயர் வாங்கி, எண்ணுக்குப் பதில் அதைக் கொடுங்கள். ஆனால் அந்த எண் `10.` என்றோ `192.168.` என்றோ தொடங்கினால் இவை இரண்டும் உதவா, அது அலுவலகத்துக்குள் மட்டும் செல்லும் முகவரி.

சுமதி:

ரொம்ப நன்றி சார். பாலு ஐயா கதையைப் படித்ததும் 'போலி' இன்னும் உறுத்துகிறது. அங்கே பொய் சொல்லாத டிஎன்எஸ்தானே வேலையைக் கெடுத்தது.

நவீன்:

உறை பற்றிச் சொன்னதை ஏற்கிறேன் சார். ஆனால் 'போலி'யை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. டிஎன்எஸ்செக் கையொப்பத்தைச் சாதனமே சரிபார்த்தால், இந்த `AAAA` பதிலுக்குத் தள உரிமையாளரின் கையொப்பம் இருக்காது. சரிபார்ப்பான் அதைத் தூக்கி எறியும். அதன் கண்ணுக்கு இதுவும் திருட்டுப் பதிலும் ஒன்றுதான்.

ராகவன்:

அது உண்மைதான். நிறுவனத்தின் டிஎன்எஸ் முதலில் `A` பதிலின் கையொப்பத்தைச் சரிபார்த்துவிட்டு அப்புறம் உண்டாக்கலாம், ஆனால் அதை நம்புவதா என்பது சாதனத்தின் முடிவு. ஆனாலும் திருட்டுப் பதில் உங்களை வேறு ஆளிடம் கொண்டுபோகிறது, இது கேட்ட தளத்துக்கே கொண்டுபோகிறது. கையேட்டைப் படிப்பவர் 'போலி' என்றதும் தாக்குதல் என்றுதான் நினைப்பார். இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லக் கூடாது.

ஒளிச்சேர்க்கை என்று பள்ளியில் படித்தோமே, அதைப் பின்பற்றி 'சேர்க்கைப் பதில்' என்றால் என்ன? முன்னொட்டும் முகவரியும் சேர்வதுதான் இங்கே நடப்பதும்.

நவீன்:

'சேர்க்கை' என்றால் கல்லூரி அட்மிஷன்தான் நினைவுக்கு வருகிறது. 'புனைந்த பதில்' நன்றாக இல்லையா?

சுமதி:

புனைவு என்றால் கதை என்றாகிவிடும், மறுபடியும் பொய் பக்கம் போகிறோம். வாயிலுக்கு 'பெயர்ப்பு வாயில்' என்றே எழுதிவிடுகிறேன், எதிர்ப்பு ஏதும் வரவில்லை. பதிலுக்கு இந்தப் பதிப்பில் 'சேர்க்கைப் பதில்', முதன்முறை வரும் இடத்தில் ராகவன் சாரின் `192.0.2.33` எடுத்துக்காட்டோடு. கிளாட்டுக்கு 'உட்பெயர்ப்பான்' போதுமா, இல்லை போனில் இருப்பது தெரிகிற மாதிரி வேறு சொல் வேண்டுமா?

பாலு:

டிஎன்எஸ் சோதனையில் `64:ff9b::c000:aa` வந்தது. `clatd` போட்டதும் கணக்கு மென்பொருளும் இணைந்துவிட்டது. உட்பெயர்ப்பான் என்பதைவிட 'கைப்பெயர்ப்பான்' எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் என் மடிக்கணினிக்கு அது பொருந்துமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.