பனையேறி அண்ணாச்சியின் பதினொரு வினாடி: கிளிப் வெட்டியதில் நடந்தது

பனைநிழல், திசையன்விளை:

நம் பக்கத்துத் தொழிலாளர்களைப் பேட்டி எடுத்து ஒலித்தொடராகப் போடுகிறேன். ஐம்பது நிமிடப் பேட்டியை முகம் தெரியாத ஒருவர் எடுத்த எடுப்பில் கேட்க மாட்டார். அதனால் ஒவ்வொரு பேட்டியிலிருந்தும் ஒரு நிமிடத்துக்கு உட்பட்ட துண்டு ஒன்றை வெட்டுவேன். பேசியவரின் படம், அதன் மேல் ஓடும் ஒலி அலை, கீழே எழுத்து என்று ஆடியோகிராம் செய்து ரீல்ஸிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடுவேன். கூடவே ஒரு மேற்கோள் அட்டையும் போகும். போன பதநீர் சீசனில் இதில் ஒரு தவறு செய்துவிட்டேன். அதை இங்கே எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

பேட்டி கொடுத்தவர் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பனையேறும் ஓர் அண்ணாச்சி. கலயத்தில் ஏன் சுண்ணாம்பு தடவுகிறார்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"சுண்ணாம்பு தடவிக் கட்டினாத்தான் தம்பி பதநீ. தடவாமக் கட்டினா ராத்திரியோட ராத்திரியா நுரைச்சு நிக்கும். அந்த வாசமே தனி. எங்க தாத்தா காலத்துல அப்படித்தான் எறக்கினாவ."

இதற்குப் பிறகு மூன்று வினாடி பேசவில்லை. அப்புறம் சொன்னார்:

"இப்ப அது கள்ளு. சட்டம் விடாது. நான் ஒரு நாளும் எறக்குனதில்ல, எம் பிள்ளையளும் எறக்காது."

நான் வெட்டியது அந்த மூன்று வினாடி மௌனத்தில். திரையில் அலை தட்டையாகத் தெரிந்தது. பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து அங்கே கோடு போட்டேன். முன்னாலும் "தடவாமக் கட்டினா" என்ற இடத்திலிருந்து எடுத்தால் சட்டென்று காதைப் பிடிக்கும் என்று தோன்றியது, அங்கிருந்து எடுத்தேன். அட்டையில் "சுண்ணாம்பு தடவாத கலயத்தின் வாசமே தனி" என்று எழுதி, அவர் படத்தையும் ஊர்ப் பெயரையும் போட்டேன். மௌனத்தையும் சேர்த்தால் விட்டுப்போனது வெறும் பதினொரு வினாடி.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பது நமக்கெல்லாம் தெரியும். அந்தத் துண்டைக் கேட்டால் அண்ணாச்சி இன்றைக்கும் சுண்ணாம்பு இல்லாமல் இறக்குவது போலத்தான் இருக்கும். மூன்றாம் நாள் காலையில் இரண்டு பேர் பைக்கில் போய் அவரிடமே "ரெண்டு லிட்டர் கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் காவல்துறையிலிருந்து ஒருவர் வந்து கலயங்களை முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அண்ணாச்சி எனக்குப் போன் செய்து கேட்டது ஒன்றுதான்: "தம்பி, நான் சொன்னதுல பாதிய எங்க போட்ட?"

முழுப் பேட்டியும் அப்படியே இருக்கிறது, யாரும் போய்க் கேட்கலாம். ஆனால் துண்டைப் பார்த்தவர்களில் முழுப் பேட்டிக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற எல்லோருக்கும் அந்தத் துண்டுதான் அண்ணாச்சி. உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் சொல்லுங்கள்.

டவுண் கடைக்காரர், திருநெல்வேலி:

தம்பி, இதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. ஸ்டேட்டஸில் முப்பது வினாடிக்கு மேல் ஏறாது. எதையாவது வெட்டித்தானே ஆக வேண்டும்? ஆடியோகிராம், அலை இதெல்லாம் எதற்கு? ஒலியை மட்டும் குரூப்பில் அனுப்புங்கள். நான் கடை விளம்பரத்தை அப்படித்தான் அனுப்புகிறேன், எல்லோரும் கேட்கிறார்கள்.

பழைய ஒலிநாடா, பாளையங்கோட்டை:

கடைக்கார அண்ணாச்சி சொல்வதில் பாதி சரி. தெரிந்தவர்கள் இருக்கும் குரூப்பில் வெறும் ஒலியே போதும், சொந்தக்காரர் குரல் மாதிரி கேட்பார்கள். ஆனால் ரீல்ஸும் ஷார்ட்ஸும் வெறும் ஒலியை வாங்கிக்கொள்ளாது, வீடியோவாகத்தான் கொடுக்க வேண்டும். அதற்காக வந்ததுதான் ஆடியோகிராம். அந்த முப்பது வினாடிக் கணக்கும் பழையது, இப்போது ஸ்டேட்டஸில் ஒரு நிமிடமாவது போடலாம். ஷார்ட்ஸ் 2024 அக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை ஏற்கிறது. பனையேறி அண்ணாச்சியின் பதினொரு வினாடி எதிலும் தாராளமாக அடங்கியிருக்கும்.

நான் பல வருடம் வானொலியில் நாடா வெட்டியவன். அப்போதெல்லாம் பிளேடால் வெட்டி ஒட்டுவோம், அலையைப் பார்க்க வழியே கிடையாது. காதால் கேட்டுத்தான் இடம் பிடிக்க வேண்டும். தம்பி கண்ணால் பார்த்து வெட்டியிருக்கிறார், கோளாறு தொடங்கியது அங்கேதான். தட்டையான அலைக்கு நிசப்தம் என்று மட்டும்தான் பொருள். பேசுகிறவர் முடித்துவிட்டாரா, யோசிக்கிறாரா என்று அது சொல்லாது. முடித்தவருடைய குரல் கடைசிச் சொல்லில் கீழே இறங்கி உட்காரும். யோசிக்கிறவர் குரல் மேலேயே நிற்கும், அடுத்து மூச்சு இழுக்கும் சத்தமும் கேட்கும். அந்த மூச்சு கேட்டால் அங்கே வெட்டக் கூடாது.

இன்னொன்று, நம் மொழிக்கே உரியது. தமிழில் மறுப்பு வாக்கியத்தின் வாலில் வரும். "சுண்ணாம்பு இல்லாம எறக்குவேன்னு சொல்ல மாட்டேன்" என்பதில் கடைசி இரண்டு சொல் போனால் பொருள் தலைகீழ். முடிவில் ஒலியை மெல்லக் குறைத்து முடிப்பது பலருக்கு வழக்கம், நான் அதைச் செய்யவே விடமாட்டேன். "மாட்டேன்", "இல்ல", "கிடையாது" எல்லாம் அந்தக் குறைப்பில் கரைந்துவிடும். பஸ்ஸில் போன் ஸ்பீக்கரில் கேட்கிறவருக்குச் சுத்தமாகக் கேட்காது. கடைசிச் சொல் முழுதாக ஒலிக்கட்டும், அதற்குப் பின் அரை வினாடி அந்த இடத்துச் சத்தம் இருக்கட்டும், அப்புறம் நிறுத்துங்கள்.

பனைநிழல்:

ஐயா, நீங்கள் சொன்ன மூச்சு அந்த ஒலிப்பதிவில் இருக்கிறது. இப்போதுதான் ஹெட்போன் போட்டுக் கேட்டேன். "எறக்கினாவ" என்பதற்குப் பிறகு குரல் இறங்கவே இல்லை.

டீச்சர், அம்பாசமுத்திரம்:

எனக்கும் அட்டையில்தான் பிரச்சினை. எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் கூட்டத்துக்கு அட்டை செய்தேன், "கொண்டாட்டம்" என்ற சொல்லில் கொம்பு தனியாக ஓடிப்போய் ஒரு புள்ளி வட்டத்தோடு நின்றது. அதையே அச்சடித்தும் விட்டார்கள். நீங்கள் எந்த எழுத்துரு பயன்படுத்துகிறீர்கள்?

வள்ளியூர் எடிட்டர்:

டீச்சர், அது எழுத்துருவின் கோளாறு இல்லை. கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. சில படத் தொகுப்பு மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தனியாகத் தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் ஒழுங்காக வரும். அது இல்லாத இடத்தில் எழுத்துருவை எத்தனை மாற்றினாலும் கொம்பு ஓடத்தான் செய்யும். நான் வேறு செயலியில் எழுதி, படமாக மாற்றி, அந்தப் படத்தை வீடியோ மேல் வைத்துவிடுவேன். "கொ", "கே", "ணை", "ஸ்ரீ" நான்கையும் முதலில் தட்டிப் பார்ப்பேன். நான்கும் சரியாக வந்தால் மற்றவையும் வந்துவிடும்.

பனைநிழல் அண்ணனுக்கு ஒன்று. உங்கள் அட்டையில் பேட்டியின் பெயர் எங்கே இருந்தது? பதிவின் கீழே எழுதியிருந்தீர்கள் என்றால் அது முதல் பார்வர்டிலேயே காணாமல் போயிருக்கும். வீடியோவைச் சேமித்து மறுபடி அனுப்புகிறவர்கள் கூட இருக்கும் எழுத்தை அனுப்புவதில்லை. தொடரின் பெயரும் எத்தனையாவது பேட்டி என்பதும் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், தேடினால் கிடைக்கிற மாதிரி. சிலர் கியூஆர் கோடு போடுகிறார்கள். கையில் இருக்கும் போனிலேயே தெரிகிற கோடை எந்தப் போனால் ஸ்கேன் செய்வது? எழுத்தையும் அடியில் வைக்காதீர்கள். ரீல்ஸில் கீழ்ப்பகுதியைப் பெயரும் பட்டன்களும் மூடிவிடும். நடுவுக்குச் சற்றுக் கீழே, ஒரு வரிக்கு மூன்று சொல் போதும்.

பனைநிழல்:

கீழேதான் எழுதியிருந்தேன் தம்பி. முழுப் பேட்டிக்கு ஆள் வராததற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கும்.

பிறகு என்ன செய்தேன் என்பதையும் சொல்கிறேன். போன் வந்த அன்று இரவே பழையதை எடுத்துவிட்டு மறுபடி வெட்டினேன். "சுண்ணாம்பு தடவிக் கட்டினாத்தான்" என்ற இடத்தில் தொடங்கி "எறக்காது" வரை. என் கேள்வியை ஒலியிலிருந்து நீக்கிவிட்டு, "பதநீரும் கள்ளும் எங்கே பிரிகின்றன?" என்று படத்தின் மேல் எழுத்தாக வைத்தேன். நேரம் மிச்சமானது, துண்டும் தானே நின்றது. அட்டையில் "நான் ஒரு நாளும் எறக்குனதில்ல" என்ற வாக்கியம். போடுவதற்கு முன் பேட்டியைக் கேட்காத என் அத்தையிடம் போட்டுக் காட்டி, "இவர் என்ன செய்கிறார் அத்தை?" என்று மட்டும் கேட்டேன். "பதநீ எறக்குதாரு" என்றார்கள். முதல் துண்டை அவர்களிடம் காட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மூன்று வினாடி மௌனத்தை மட்டும் அரை வினாடியாகச் சுருக்கினேன், ஸ்டேட்டஸில் ஆள் நகர்ந்துவிடுவார்கள் என்று.

பழைய ஒலிநாடா, பாளையங்கோட்டை:

அதைச் சுருக்கியிருக்க வேண்டாம் என்பேன். தாத்தா காலத்தை நினைத்துவிட்டு இன்றைய காலத்துக்கு அவர் திரும்பி வருகிற நேரம் அது. சுருக்கினால் யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பது போல ஆகிவிடும்.

வள்ளியூர் எடிட்டர்:

ஐயா, வானொலியில் கேட்கிறவர் வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்பார். இங்கே கட்டைவிரல் தயாராக நிற்கிறது. மூன்று வினாடி சத்தம் இல்லையென்றால் போன் கோளாறு என்று நினைத்து அடுத்ததற்குப் போய்விடுவார்கள். ஒன்றரை வினாடி வைக்கலாம், கீழே புள்ளிகள் ஓடினால் இன்னும் வருகிறது என்று தெரியும்.

டீச்சர், அம்பாசமுத்திரம்:

எனக்கு இன்னொரு சந்தேகம். கீழே ஓடும் எழுத்தில் "எறக்குனதில்ல" என்றே போடலாமா, "இறக்கியதில்லை" என்று திருத்த வேண்டுமா? நம் ஆட்கள் பேச்சை அப்படியே எழுதினால், படிக்காதவர் என்று காட்டுவது போலச் சிலருக்குப் படுகிறது. என் மாணவன் ஒருவன் அவனுடைய அப்பா பேச்சை அப்படிப் போட்டதற்குச் சங்கடப்பட்டான்.

பனைநிழல்:

நான் பேச்சையே போடுகிறேன் அக்கா. காதில் "எறக்குனதில்ல" என்று விழும்போது கண்ணில் "இறக்கியதில்லை" என்று தெரிந்தால் இரண்டும் ஒட்டவில்லை. ஆனால் அட்டையில் ஒலி இல்லையே, அங்கே என்ன செய்வது என்று இன்னும் தடுமாறுகிறேன். "அந்த வாசமே தனி" என்று அவர் சொன்னதை நான் "சுண்ணாம்பு தடவாத கலயத்தின் வாசமே தனி" என்று எழுத்துத் தமிழாக்கி, அவர் சொல்லாத சொற்களை அவர் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் வாயில் வந்த சொல்லை மட்டும் போட்டிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று நினைக்கிறேன்.

டவுண் கடைக்காரர், திருநெல்வேலி:

பழைய துண்டு நேற்றுகூட எங்கள் குரூப்பில் வந்தது தம்பி. நீங்கள் எடுத்துவிட்டதாகச் சொல்கிறீர்களே?

பனைநிழல்:

என் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன் அண்ணாச்சி, மற்றவர்கள் போனில் இறங்கியதை எடுக்க எனக்கு வழியில்லை. அது வந்த குரூப்பில் அதற்கே பதிலாகப் புதிய துண்டைப் போட்டுவிடுங்கள், இப்போதே உங்களுக்கு அனுப்புகிறேன். அதோடு மௌனத்தைச் சுருக்காத இன்னொன்றும் இருக்கிறது. பனையேறி அண்ணாச்சியிடம் இரண்டையும் காட்டியபோது அவர் நீளமானதைத்தான் தன் மகனுக்கு அனுப்பச் சொன்னார்.