வாட்ஸ்அப் சேனலில் போட்ட மழை விடுமுறை அறிவிப்பு யாருக்கும் போய்ச் சேரவில்லை, என்ன செய்வது?

டியூஷன் அக்கா, கடலூர்

பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் டியூஷன் எடுக்கிறேன். மொத்தம் 210 பெற்றோர். போன வருடம் வரை ஒரு குரூப் வைத்திருந்தோம். அதில் சேர்ந்த ஒருவர் எல்லா அம்மாக்களின் எண்களையும் எடுத்து, கடன் வேண்டுமா என்று தனித்தனியாக மெசேஜ் அனுப்ப ஆரம்பித்துவிட்டார். பெரிய சண்டையாகிப்போனது. அதனால் இந்த வருடம் சேனல் தொடங்கினேன். 190 பேர் பின்தொடர்கிறார்கள்.

போன வாரம் நல்ல மழை. காலை 5:40-க்கே "இன்று வகுப்பு இல்லை" என்று சேனலில் போட்டேன். 6:30-க்குப் பார்த்தால் முப்பது பிள்ளைகள் நனைந்துகொண்டு வாசலில் நிற்கிறார்கள். கேட்டால், "மெசேஜே வரலையே டீச்சர்" என்கிறார்கள். என் போனில் சரியாகத்தான் தெரிகிறது. நெட் பிரச்சினையா, நான் ஏதாவது அமைப்பை மாற்ற வேண்டுமா?

மளிகைக்கடை தம்பி

அக்கா, பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்க. நான் கடை ஆஃபரெல்லாம் அப்படித்தான் அனுப்புறேன். ஒருத்தர் எண் இன்னொருத்தருக்குத் தெரியாது, எல்லாருக்கும் தனி மெசேஜாவே போகும்.

டியூஷன் அக்கா

அதையும் போட்டுப் பார்த்தேன் தம்பி. பாதிப் பேருக்குப் போகவே இல்லை.

நெட்வொர்க் ரவி

பிராட்காஸ்டில் உங்கள் எண்ணை யார் தன் போனில் சேமித்து வைத்திருக்கிறாரோ அவருக்கு மட்டும்தான் போகும். ஒரு லிஸ்டில் 256 பேர்தான் என்றாலும் உங்கள் 210-க்கு அது போதும். சிக்கல் சேமிப்பதில்தான். மளிகைக்கடைக்காரர் எண்ணை ஊரே சேமித்து வைத்திருக்கும், அதனால் தம்பிக்கு ஓடுகிறது. டியூஷன் எண்ணைப் பல வீட்டில் அப்பா வைத்திருப்பார், அம்மா வைத்திருக்க மாட்டார். பெற்றோர் கூட்டத்தில் சொல்லிச் சேமிக்க வைத்தாலும் அடுத்த வருடம் புதிதாக வருபவர்களுக்கு மறுபடி அதே கதை.

சேனலுக்கு வருகிறேன். உங்கள் போனில் கோளாறு இல்லை, நெட்டிலும் இல்லை. சேனல் அப்படித்தான் வேலை செய்யும். அது சாட் பட்டியலில் வராது, Updates என்ற தனிப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பின்தொடர ஆரம்பிக்கும்போதே அதன் நோட்டிஃபிகேஷன் அணைந்துதான் இருக்கும். ஒவ்வொருவரும் சேனலைத் திறந்து மேலே இருக்கும் மணிச் சின்னத்தைத் தொட்டால்தான் சத்தம் வரும். அதை நீங்கள் அட்மின் பக்கத்திலிருந்து மாற்ற முடியாது. சந்தேகமிருந்தால் வந்து நின்ற பிள்ளைகளில் ஒருவரின் வீட்டுப் போனை வாங்கிப் பாருங்கள், மெசேஜ் அங்கே இருக்கும். யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

ஒன்று கேட்கிறேன், சேனலில் மதிப்பெண் பட்டியல் ஏதாவது போட்டீர்களா?

டியூஷன் அக்கா

போட்டேனே. அரையாண்டுத் தேர்வு மாதிரித் தாள் மதிப்பெண், பெயரோடு. ஏன்?

நெட்வொர்க் ரவி

இப்போதே எடுத்துவிடுங்கள். லிங்க் கையில் கிடைக்கும் யாரும் சேனலுக்குள் வரலாம், வருபவர் முந்தைய 30 நாள் பதிவுகளையும் பார்க்கலாம். குரூப் மெசேஜுக்கு இருக்கும் முழு மறையாக்கம் இதற்குக் கிடையாது. பின்தொடர்பவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது, உங்கள் எண்ணும் அவர்களுக்குத் தெரியாது. அது மட்டும் நல்லது. ஆனால் சேனல் ஊருக்குச் சொல்லும் விஷயத்துக்கு. பிள்ளைகள் பெயர் அங்கே வரக்கூடாது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்

பழைய குரூப்பையே வைத்துக்கொண்டு அட்மின் மட்டும் அனுப்பும்படி மாற்றினால் போதுமே அம்மா. எங்கள் குடியிருப்பில் அப்படித்தான். Group permissions-க்குள் போய் Send new messages-ஐ அணைத்தால் முடிந்தது. 1024 பேர் வரை சேர்க்கலாம்.

நெட்வொர்க் ரவி

ஐயா, பேச்சு நிற்கும். ஆனால் உறுப்பினர் பட்டியல் அப்படியே திறந்திருக்கும். அக்காவுக்குப் பிரச்சினையே எண்கள் வெளியே போனதுதான். கடன்காரர் மெசேஜ் போட வேண்டியதே இல்லை, பட்டியலைப் பார்த்தாலே போதும்.

இவர்களுக்கு ஒத்துவருவது, பல குரூப்புகளை ஒரே கூரைக்குள் வைக்கும் கம்யூனிட்டி என்ற வாட்ஸ்அப் வசதியின் அறிவிப்புக் குரூப். அதில் அட்மின்தான் அறிவிப்புப் போட முடியும். உறுப்பினர் எண்கள் அட்மினுக்குத் தெரியும், மற்றபடி ஏற்கெனவே ஒருவர் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்குத் தெரியும். மற்ற பெற்றோருக்குத் தெரியாது. மெசேஜ் சாதாரண குரூப் போலவே சாட் பட்டியலில் சத்தத்தோடு வரும். உங்கள் எண் மட்டும் எல்லாருக்கும் தெரியும், அதனால் சொந்த எண்ணில் தொடங்காமல் டியூஷனுக்கென்று ஒரு சிம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பி.டி.ஏ. செல்வி

நாங்களும் கம்யூனிட்டி வைத்திருக்கிறோம், அறிவிப்புக் குரூப்பில் யாரும் எதுவும் பதில் சொல்லவே முடியாது, அமைதியாக இருக்கும். வகுப்புக்கொரு குரூப்பையும் அதற்குள்ளேயே சேர்த்துவிடுங்கள், வசதி.

நெட்வொர்க் ரவி

முன்பு அப்படித்தான் இருந்தது மேடம். 2024-இலிருந்து அறிவிப்புக்குக் கீழே பதில் போடலாம். அந்தந்த அறிவிப்போடு சேர்ந்தே நிற்கும், ஒவ்வொரு பதிலுக்கும் எல்லார் போனும் சத்தம் போடாது.

வகுப்புக்கொரு குரூப் சேர்ப்பதுதான் எல்லாரும் விழும் குழி. எண் மறைந்திருப்பது அறிவிப்புக் குரூப்பில் மட்டும். உள்ளே இருக்கும் மற்ற குரூப்புகளில் உறுப்பினர் பட்டியல் பழையபடி திறந்துதான் கிடக்கும். பழைய குரூப்பைக் கம்யூனிட்டியில் இணைத்தாலும் இதேதான். புதிதாகத் தொடங்கும்போது General என்று ஒரு குரூப் தானாக வந்து நிற்கும், லிங்க் யாருக்கும் போவதற்கு முன் அதை நீக்கிவிடுங்கள்.

பத்துக்கும் பன்னிரண்டுக்கும் தனி அறிவிப்பு வேண்டுமென்றால் இரண்டு தனிக் கம்யூனிட்டி தொடங்குங்கள். இரண்டிலும் அறிவிப்புக் குரூப்பைத் தவிர வேறெதுவும் வேண்டாம். மழை விடுமுறையை இரண்டிலும் போட வேண்டியிருக்கும், அது ஒரு நிமிட வேலை.

பி.டி.ஏ. செல்வி

ஐயோ, எங்கள் வகுப்பு குரூப்பெல்லாம் உள்ளேதான் இருக்கிறது. இப்போது எடுத்தால் அறிவிப்புக் குரூப்பிலிருந்தும் ஆட்கள் போய்விடுவார்களா?

டியூஷன் அக்கா

எனக்கு இரண்டு கம்யூனிட்டி என்பது கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. ஒன்று மட்டும் தொடங்கி, ஒவ்வொரு அறிவிப்பின் முதல் சொல்லாகப் "பத்து" அல்லது "பன்னிரண்டு" என்று போடலாம் என்று இருக்கிறேன். ரவி சார் கோபிக்க வேண்டாம்.

நெட்வொர்க் ரவி

கோபமெல்லாம் இல்லை. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்தால் அதுதான் வசதியும். எனக்கென்னவோ நாளைக்கு இருநூறு பேரும் எல்லாவற்றையும் படித்து அலுத்து மியூட் போட்டுவிடுவார்கள் என்று தோன்றுகிறது. அப்புறம் திரும்ப சேனல் கதைதான்.

டியூஷன் அக்கா (நான்கு நாள் கழித்து)

புது சிம்மில் தொடங்கினேன். General-ஐ நீக்கினேன். முதலில் என் கணவர் எண்ணையும் ஒரு பெற்றோர் எண்ணையும் மட்டும் சேர்த்து, கணவர் போனில் பார்த்தேன். அந்த அம்மாவின் எண் தெரியவில்லை. அதன் பிறகுதான் மற்றவர்களைச் சேர்த்தேன். 17 பேரை நேரடியாகச் சேர்க்க முடியவில்லை, தங்களை யார் குரூப்பில் சேர்க்கலாம் என்பதில் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள் போல. அவர்களுக்கு மட்டும் லிங்க் அனுப்பினேன், 11 பேர் வந்துவிட்டார்கள். சேனலில் மதிப்பெண்ணை நீக்கிவிட்டேன். அடுத்த வருடச் சேர்க்கை விளம்பரத்துக்கு மட்டும் அது இருக்கட்டும்.

சாதா போன் வைத்திருக்கும் எட்டு வீடுகளுக்கு இன்னும் நான்தான் ஒவ்வொன்றாக அழைக்கிறேன். அதற்கு யாரிடமாவது யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

நேற்று இரவு "நாளை விடுமுறை" என்று முதல் அறிவிப்பு போட்டேன். காலையில் ஒரு பிள்ளையும் வரவில்லை. அறிவிப்புக்குக் கீழே மட்டும் மூன்று பதில்: "டீச்சர், நாளைக்கு கிளாஸ் உண்டா?"