கலைச்சொல் வேண்டும்: ‘குவெஸ்சன் டாக்’கைத் தமிழில் என்னவென்று சொல்வது?

கல்லடி, ஆங்கில ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம்.

போன கிழமை பத்தாம் தர வினாத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ‘லெட்ஸ் ஸ்டார்ட் த மீட்டிங்’ என்ற வாக்கியம், அதன் பின்னால் ‘குவெஸ்சன் டாக்’ எழுதக் கோடிட்ட இடம். வரவேண்டியது ‘ஷல் வீ’. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ‘டோண்ட் வீ’ என்று எழுதியிருந்தார்கள்.

ஒருவனைக் கூப்பிட்டு, “ஏன் மகன் இப்பிடி எழுதினீங்க?” என்று கேட்டேன். கொப்பியைத் திறந்து காட்டினான். “வாக்கியத்தில மறுப்பு இல்ல ரீச்சர், அதால வாலில மறுப்புப் போட்டன். அஸ் எண்டா வீ. துணைவினை இல்லையெண்டா டூ.” மூன்று படியும் நான் சொல்லிக்கொடுத்தவைதான். குறிப்பின் தலைப்பு ‘எதிர்வினா’. அதுவும் நான் வைத்த பெயர். வாக்கியம் உடன்பாடாக வந்தால் வினா எதிர்மறை, வாக்கியம் எதிர்மறையாக வந்தால் வினா உடன்பாடு என்று கீழே எழுதவைத்திருந்தேன்.

‘யூ ஆர் டயர்ட், ஆண்ட் யூ?’, ‘ஹீ டிட்ண்ட் கம், டிட் ஹீ?’ என்று போகும்வரை அந்தப் பெயர் உதவியது. ஏவலும் ‘லெட்ஸ்’உம் வந்த இடத்தில் பிள்ளையைப் பிழையான வழியில் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவனுக்குப் புள்ளி குறைக்க எனக்கு மனம் வரவில்லை, குறைக்கத்தான் வேண்டியிருந்தது. அடுத்த தவணைக்கு முன்னம் குறிப்பை மாற்றி எழுத வேண்டும். நல்ல சொல் ஒன்று சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று, மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்

ரீச்சர், இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. ‘டாக்’ என்றால் குறிச்சொல். வலைப்பதிவிலும் செயலிகளிலும் வருடக்கணக்காக அதைத்தான் போடுகிறோம். ‘வினாக் குறிச்சொல்’ என்று வைத்தால் வேலை முடிந்தது.

கல்லடி

தம்பி, நீங்கள் சொல்வது ஒரு பதிவைப் பிறகு தேடி எடுக்க அதில் போட்டுவைக்கும் சொல். நான் கேட்பது வாக்கியத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் சின்னக் கேள்வி. “நாளைக்கு வாறீங்கதானே?” என்கிறோமே, அதில் ‘தானே’ செய்கிற வேலை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் வந்த மயக்கம் இது.

காரைதீவு, இளைப்பாறிய தமிழாசிரியர்

மகள், எங்கள் ஊரில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அந்த மண்ணிலிருந்து எழுதுகிறேன் என்ற உரிமையோடு சொல்கிறேன்: புதிதாக ஆக்குமுன் நம்மிடம் இருப்பதைப் பார்க்க வேண்டும்.

நன்னூல் வினாவை ஆறாக வகுக்கிறது. அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. குளிக்காமல் நிற்கும் பேரனிடம் “இன்னும் குளிக்கவில்லையா?” என்று கேட்டால், அது போய்க் குளி என்று ஏவுவதுதான். நீங்கள் இடர்ப்படுவது ஏவலுக்குப் பின்னால் வரும் வினாவில். ஆகவே அதை ‘ஏவல்வினா’ என்று தனியே பிரித்துவிடுங்கள். மற்றவற்றுக்கு ‘வினா ஒட்டு’ போதும்.

சம்மாந்துறை, ஆங்கிலம் கற்பிப்போருக்குப் பயிற்சி கொடுத்தவர்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

ஐயா நன்னூலைக் கொண்டுவந்தது பெரிய உதவி, ஆனால் பாதி வழிக்குத்தான் அது வரும். நன்னூலின் ஏவல்வினாவில் ஏவலைச் சுமப்பது வினாவே. “குளிக்கவில்லையா” என்பதற்கு வெளியே வேறு கட்டளை கிடையாது. ‘சிட் டவுன், வில் யூ?’ என்பதில் கட்டளை முன்னமே முடிந்துவிட்டது. பின்னால் வருவது அதை இளக்குகிறது, அல்லது இறுக்குகிறது. குரலை உயர்த்திச் சொன்னால் வேண்டுகோள். குரலை இறக்கிச் சொன்னால் பொறுமை போய்விட்டது என்று அர்த்தம்.

ரீச்சர் கேட்ட இடத்துக்கு வருகிறேன். கூற்று வாக்கியத்தில் ஏன் உடன்பாடும் எதிர்மறையும் மாறி வருகின்றன? கூற்று மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். ‘நீ களைத்திருக்கிறாய்’ என்று சொல்லிவிட்டு, அதையே புரட்டி ‘இல்லையா’ என்று சரிபார்க்கிறோம். ‘உட்கார்’ என்பதில் மெய்யும் இல்லை, பொய்யும் இல்லை. புரட்ட எதுவும் இல்லாதபோது வால் வேறொன்றைக் கேட்கிறது: செய்வாயா, மனம் உண்டா என்று. அதனால்தான் ‘டூ’வுக்குப் பதில் ‘வில்’ வருகிறது. மறைந்து நிற்கும் எழுவாய் ‘யூ’ வெளியே வருகிறது.

இனி நான்கு வாக்கியத்தை அடுத்தடுத்துப் பாருங்கள்.

‘ஓப்பன் த டோர், வில் யூ?’ முன்னும் உடன்பாடு, பின்னும் உடன்பாடு.

‘ஹாவ் சம் டீ, வோண்ட் யூ?’ பின்னால் எதிர்மறை. விதி திரும்பி வந்துவிட்டது போலத் தெரியும். அப்படி இல்லை. இது உபசாரம். நம் பக்கத்தில் “தேத்தண்ணி குடிங்களன்” என்கிறோமே, அந்த ‘அன்’ தரும் குழைவு இது. ‘வில் யூ’வா ‘வோண்ட் யூ’வா என்பதைத் தீர்மானிப்பது சொல்பவருடைய தொனி. வாக்கியத்தின் உடன்பாடு, எதிர்மறைக்கு அதில் பங்கில்லை.

‘டோண்ட் பீ லேட், வில் யூ?’ முன்னால் எதிர்மறை, பின்னால் உடன்பாடு. இங்கே ‘வோண்ட் யூ’ போட்டால் பிழை. விலக்குக்குப் பின் தெரிவு கிடையாது.

‘லெட்ஸ் நொட் டெல் ஹிம், ஷல் வீ?’ இதிலும் ‘ஷல் வீ’தான். ‘லெட்ஸ் டெல் ஹிம்’ என்றாலும் அதே ‘ஷல் வீ’தான். ‘நொட்’ வந்தாலும் போனாலும் வால் அசையவில்லை.

இந்த நான்கையும் ‘எதிர்’ என்ற சொல்லுக்குள் அடக்க முடியாது. கூற்றில்கூட அது முழுதாகப் பொருந்தாது. புதிதாக வந்தவரைப் பார்த்து ‘ஸோ யூ ஆர் த நியூ டீச்சர், ஆர் யூ?’ என்று கேட்பார்கள். இரண்டும் உடன்பாடு. கேட்பவர் சரிபார்க்கவில்லை, இப்போதுதான் அறிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்கிறார். ஆகவே பெயரில் விதியை வைக்க வேண்டாம். இடத்தை மட்டும் சொல்லும் பெயர் போதும்.

களுவாஞ்சிகுடி, ஒரு தாய்

நான் ஆசிரியை இல்லை, மகளுக்காக இதை வாசிக்கிறேன். அவளுக்கு ஒரு பரீட்சையில் ‘லெட் அஸ் கோ’ என்று வந்தது. ‘வில் யூ’ என்று எழுதினாள், பிழை போட்டுவிட்டார்கள். ‘லெட்’ என்றால் விடு, ‘அஸ்’ என்றால் எங்களை, ஆகவே எங்களைப் போக விடுவீர்களா என்று கேட்டதாக எழுதினேன் என்கிறாள். சம்மாந்துறை நானா, அவள் சொன்னது பிழையா?

சம்மாந்துறை

தங்கச்சி, உங்கள் மகள் நன்றாக யோசித்திருக்கிறாள். அந்தக் கேள்வியில்தான் குறை.

‘லெட் அஸ்’ இரண்டு வேலை செய்யும். பிள்ளைகள் அதிபரிடம் போய், ‘ப்ளீஸ் லெட் அஸ் கோ ஹோம் ஏர்லி’ என்றால் அது அனுமதி கேட்பது. போகிறவர்களில் அதிபர் இல்லை. அங்கே ‘வில் யூ’. அதே பிள்ளைகள் தங்களுக்குள் ‘லெட் அஸ் கோ ஹோம்’ என்றால் அது ‘லெட்ஸ்’இன் விரிந்த வடிவம். கேட்பவரும் சேர்ந்து போகிறார். அங்கே ‘ஷல் வீ’.

இதைப் பிரித்தறிய ஆங்கிலத்தில் ஒரு வழி, சுருக்கிப் பார்ப்பது. ‘லெட்ஸ்’ என்று சுருக்கியும் கருத்து நின்றால் ‘ஷல் வீ’. அதிபரிடம் சொன்னதைச் சுருக்கினால், அவரையும் வீட்டுக்கு வரச் சொன்ன மாதிரி ஆகிவிடும். ஆகவே ‘வில் யூ’.

தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிட நேரான வழி உண்டு. எழுத்துத் தமிழில் ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே, ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே. வாக்கியத்தைத் தமிழாக்கச் சொல்லுங்கள். ‘நாம் போவோம்’ என்று வந்தால் ‘ஷல் வீ’. ‘எங்களைப் போக விடுங்கள்’ என்று வந்தால் ‘வில் யூ’. பேச்சில் பலர் இரண்டுக்கும் ‘நாங்க’ என்றே சொல்லிவிடுவதால் எழுத்து வடிவத்தில்தான் சோதிக்க வேண்டும்.

யார் யாரிடம் சொன்னது என்று தெரியாமல் ‘லெட் அஸ் கோ’ என்று மட்டும் கொடுத்தால் இரண்டு விடையும் சரி. திருத்துகிறவர்கள் ‘ஷல் வீ’யை மட்டும் எதிர்பார்ப்பது வழக்கத்தால்.

காரைதீவு

நானா சொன்ன நாம், நாங்கள் வேறுபாட்டை இத்தனை வருடம் இலக்கணமாகத்தான் படிப்பித்தேன். ஆங்கில வகுப்புக்கும் அது உதவும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. ஏவல்வினாவை மீளப் பெற்றுக்கொள்கிறேன்.

‘வினா ஒட்டு’ என்று நான் சொன்னதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஈற்றில் வரும் ஆ, ஏ, ஓ ஆகியவையே தமிழில் வினாவை ஆக்கும் ஒட்டுகள். ‘வந்தானா’ என்பதில் உள்ள ஆ வினா ஒட்டுத்தான். அதே பெயரை இதற்கும் வைத்தால் பிள்ளை குழம்பும். சொல்லை முன்பின் மாற்றுங்கள்: ‘ஒட்டுவினா’. வினைத்தொகையாக எடுத்தால் ஒட்டிய வினா, ஒட்டுகின்ற வினா, ஒட்டும் வினா. ஒட்டப்படுவது ஓர் எழுத்து என்ற எண்ணம் வராது, முழு வினா என்பது தெளிவாகும். உடன்பாடா எதிர்மறையா என்று பெயர் எதையும் முன்கூட்டிச் சொல்லாது.

அக்கரைப்பற்று

‘ஒட்டு’ என்றால் எங்களுக்கு வெட்டி ஒட்டுவதுதான் ஞாபகம் வரும், இருந்தாலும் சரி. ‘வால்வினா’ இன்னும் எளிதில்லையா? ரீச்சரின் பிள்ளையே ‘வாலில மறுப்புப் போட்டன்’ என்றுதானே சொன்னான்.

கல்லடி

தம்பி, வகுப்பில் ‘வால்’ என்றால் சிரிப்புத்தான் எழும்பும். ஆனாலும் வாயில் சுலபமாக வருகிற சொல் அதுதான் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பேச்சில் வால், கொப்பியில் ஒட்டுவினா என்று வைத்துப் பார்க்கிறேன்.

புதுக் குறிப்பு இப்படி வருகிறது. கூற்றுக்குப் பின் வரும் ஒட்டுவினா பெரும்பாலும் மாறி வரும். ஏவலுக்குப் பின் ‘வில் யூ’, உபசாரமாக இருந்தால் ‘வோண்ட் யூ’. விலக்குக்குப் பின் ‘வில் யூ’ மட்டும். நாம் என்ற கருத்தில் வரும் ‘லெட்’டுக்குப் பின் எப்போதும் ‘ஷல் வீ’. மாறி வருவதை ‘மாறுநிலை’ என்றும் ‘ஆர் யூ’ போல மாறாமல் வருவதை ‘ஒத்தநிலை’ என்றும் எழுதலாமா, ஐயா?

காரைதீவு

மாறுநிலை சரி. ‘ஒத்தநிலை’ என்பதை நம் பிள்ளைகள் ஒற்றை என்று வாசிப்பார்கள். வேறு சொல் தேடிக்கொண்டிருக்கிறேன், அவசரப்படாதீர்கள்.

சம்மாந்துறை

இன்னொன்றும் மிச்சம் இருக்கிறது. நம் நாட்டு ஆங்கிலப் பேச்சில் எதற்கும் ‘இஸிண்ட் இட்’ போடுவோம். ‘யூ ஆர் கமிங் டுமோரோ, இஸிண்ட் இட்?’ வாக்கியம் எப்படி இருந்தாலும் வால் ஒன்றுதான், நம் ‘என்ன’, ‘தானே’ போல. பரீட்சைத் தாளில் பிழை, சந்தையிலும் கந்தோரிலும் அன்றாடப் பேச்சு. அதையும் ஒட்டுவினா என்றே சொல்வதா, அல்லது மாறாத வடிவம் என்பதால் வேறு பெயர் வேண்டுமா? நான் இரண்டு பக்கமும் சாய்ந்து நிற்கிறேன்.